'பட்ஜெட் பத்தலை... ஆனா க்ளையன்ட் போயிடக் கூடாது!' - ஃப்ரீலான்ஸர்கள் 'நோ' சொல்வது எப்படி?

"பட்ஜெட் அவ்ளோதாம்மா... கொஞ்சம் பார்த்துப் பண்ணிக் கொடுங்க!"

ஃப்ரீலான்ஸராக வேலை பார்க்கும் எல்லோரும் இந்த வரியை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கேட்டதும் மனதுக்குள் ரெண்டு பயம் ஓடும். ஒத்துக்கிட்டா மாசம் முழுக்க உழைச்சும் வாடகைக்குப் பத்தாது. வேணாம்னு சொன்னா, இந்த ஆளும் போயிடுவார், இவர் மூலமா வரவேண்டிய நாலு பேரும் போயிடுவாங்க.

இந்தக் குழப்பத்தில் பலர் ரெண்டுங்கெட்டானாக ஒன்று செய்கிறார்கள். "இந்த மாசம் கொஞ்சம் பிஸி சார்" என்று சொல்லி நழுவுவது, இல்லையென்றால் மெசேஜைப் பார்த்தும் பதில் போடாமல் விட்டுவிடுவது. ரெண்டுமே க்ளையன்ட்டைத் திரும்பி வரவைக்காது. மறுக்க வேண்டியது அந்த மனிதரை அல்ல. 'இவ்வளவு வேலை, இந்த விலைக்கு' என்கிற அந்தக் கணக்கை மட்டும்தான். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

உதாரணம்: ஆறு பொடி, பத்தாயிரம் ரூபாய்

மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு கிராஃபிக் டிசைனர் என்று வைத்துக்கொள்வோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி என்று ஆறு வகைப் பொடிகளைப் புதிதாக விற்கப்போகும் ஒரு மளிகைக்கடைக்காரர் அவருக்கு போன் செய்கிறார். லோகோ வேண்டும், ஆறு பொடிக்கும் பவுச் டிசைன் வேண்டும், இன்ஸ்டாகிராமில் போட 10 போஸ்ட் வேண்டும். பட்ஜெட் 10,000 ரூபாய்.

இங்கே முதல் விதி, போனிலேயே பதில் சொல்லக் கூடாது. நேரில் பேசும்போதும், போனில் பேசும்போதும் மரியாதைக்காக 'சரி'ன்னு வாயில் வந்துவிடும். "எல்லாத்தையும் எழுதிப் பார்த்துட்டு நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள வாட்ஸ்அப்ல அனுப்புறேண்ணா" என்று சொன்னால் போதும். சொன்ன நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நாலு நாள் கழித்துச் சொல்லும் 'நோ', அவருடைய நாலு நாளையும் சேர்த்து வீணாக்கிய 'நோ'.

உங்க அடிவிலை எவ்வளவு?

'பட்ஜெட் கம்மி' என்பது வெறும் ஃபீலிங்காக இருந்தால், க்ளையன்ட் ரெண்டு தடவை கெஞ்சினால் கரைந்துவிடும். எண்ணாக இருந்தால் கரையாது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க பெரிய கணக்கெல்லாம் தேவையில்லை.

நம் டிசைனருக்கு வாடகை, சாப்பாடு, நெட், சாஃப்ட்வேர் சந்தா, லேப்டாப் இ.எம்.ஐ., வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் ஆகிறது. அவசரத்துக்கும் வரிக்கும் என்று 7,000 எடுத்து வைக்க வேண்டும். ஆக, மாதம் 35,000.

அடுத்தது நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், அதில் காசு வாங்கக்கூடிய வேலை நாலு மணி நேரம்தான் நடக்கும். மீதி எல்லாம் போன் பேசுவது, கொட்டேஷன் போடுவது, பேமென்ட்டுக்கு அலைவது, புது க்ளையன்ட் தேடுவது. மாதம் 25 நாள் என்றால் 100 மணி நேரம். 35,000-ஐ 100-ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 350 ரூபாய். இதுதான் அவருடைய அடிவிலை. இதில் லாபம் எதுவும் இல்லை. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

இப்போது வேலையை மணி நேரமாகப் பிரிக்கிறார். லோகோவுக்கு 18 மணி நேரம். முதல் பவுச்சுக்கு 12. அதை வைத்து மற்ற ஐந்தையும் மாற்ற, ஒவ்வொன்றுக்கும் மூன்று என 15. பத்து போஸ்ட்டுக்கு 10. பேச்சு, திருத்தம், பிரிண்ட்டருக்கு ஃபைல் தயார் பண்ணுவது எல்லாம் 15. மொத்தம் 70 மணி நேரம். 350-ஆல் பெருக்கினால் 24,500 ரூபாய்.

க்ளையன்ட் தரத் தயாராக இருப்பது 10,000. அதாவது மணிக்கு 143 ரூபாய். விஷயம் இதோடு முடியவில்லை. இதை ஒப்புக்கொண்டால் மாதத்தில் 70 மணி நேரம் போய்விடும். மீதியுள்ள 30 மணி நேரத்தில் அவர் 25,000 ரூபாய் சம்பாதிக்க வேண்டும். அதற்கு மணிக்கு 830 ரூபாய்க்கு மேல் தரும் க்ளையன்ட் வேண்டும். அப்படி ஒருவர் கையில் இல்லையென்றால், இந்த வேலைக்கு 'சரி' சொன்ன அன்றே அடுத்த மாத வாடகையில் துண்டு விழுகிறது.

இந்தக் கணக்கு க்ளையன்ட்டிடம் காட்டுவதற்கு அல்ல. உங்கள் வாடகையும் இ.எம்.ஐ-யும் அவருடைய பிரச்னை இல்லை. 'நோ' சொல்லும்போது உங்கள் குரல் தடுமாறாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு.

கதவைத் திறந்து வைக்கணும்... ஆனா எவ்வளவு?

"எதிர்காலத்தில் சேர்ந்து வேலை செய்வோம் சார்" என்று முடிப்பதைத்தான் பலர் கதவைத் திறந்து வைப்பது என்று நினைக்கிறார்கள். அது வெறும் மரியாதை வார்த்தை. எப்போது, எந்த விலைக்கு, எந்த வேலையோடு திரும்பி வரலாம் என்று அவருக்குத் தெரிந்தால்தான் அது கதவு.

நம் டிசைனர் 10,000 ரூபாயை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். மணிக்கு 350 என்றால், 10,000-க்கு சுமார் 28 மணி நேரம் கிடைக்கும். 28 மணி நேரத்தில் இவருக்கு உண்மையிலேயே பயன்படுகிற மாதிரி என்ன செய்து தரலாம்?

இங்கேதான் தொழில் தெரிந்திருப்பது கைகொடுக்கும். பவுச் மீதே டிசைனை அச்சடிக்கும் கிராவூர் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செய்ய வேண்டும். ஆறு பொடிக்கு ஆறு செட் என்றால் டிசைனுக்கு ஆகும் செலவைவிட அச்சுச் செலவு எங்கேயோ போய்விடும். அதோடு, குறைந்தபட்சம் இத்தனை பவுச் அடித்தே ஆக வேண்டும் என்பார்கள். புதிதாகத் தொடங்கும் பலர் ரெடிமேட் ஜிப் பவுச்சை வாங்கி, அதில் ஸ்டிக்கர் லேபிள் ஒட்டுவது இதனால்தான். ஸ்டிக்கரை டிஜிட்டல் பிரிண்ட்டில் நூறு, இருநூறு என்று கொஞ்சமாக அடிக்கலாம். எந்தப் பொடி விற்கிறது என்று பார்த்துவிட்டு அதை மட்டும் திரும்ப அடிக்கலாம்.

ஆக, சின்ன வெர்ஷன் ரெடி. பிராண்ட் பெயரையே அழகாக எழுதும் எழுத்து லோகோவுக்கு 8 மணி நேரம். ஒரே ஒரு ஸ்டிக்கர் லேபிள் டிசைனுக்கு 10 மணி நேரம். அதில் பொடியின் பெயர், நிறம், சேர்மானப் பொருள்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றி ஆறாக ஆக்க 6 மணி நேரம். பேச்சுக்கும் ஒரு தடவை திருத்தத்துக்கும் 4 மணி நேரம். மொத்தம் 28 மணி நேரம், 9,800 ரூபாய். இன்ஸ்டா போஸ்ட் இதில் கிடையாது.

விலை குறைந்திருக்கிறது, வேலையும் அதே அளவு குறைந்திருக்கிறது. மணிக்கு 350 அப்படியே இருக்கிறது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு அளவுகோல் இதுதான்.

அனுப்ப வேண்டிய மெசேஜ்

நம்ம ஊரில் இப்படிப்பட்ட வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் முடிவாகிறது. எனவே, இ-மெயில் பாஷை தேவையில்லை. பேசுகிற மாதிரியே எழுதலாம்.

*"வணக்கம்ணா. நேத்து பேசினதை வெச்சு முழு வேலையையும் எழுதிப் பார்த்தேன். ஆறு பொடியும் கடையில பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரே பிராண்டுனு தெரியணும்னு சொன்னீங்கள்ல, அது நல்ல ஐடியா.*

*லோகோ, ஆறு பவுச், 10 போஸ்ட் எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய் வருது. இதை 10,000-க்கு என்னால எடுத்துக்க முடியாதுண்ணா.*

*10,000-க்குள்ளயே முடிக்கணும்னா ஒரு வழி இருக்கு. பெயரையே எழுத்து லோகோவா பண்ணி, ஒரே ஸ்டிக்கர் லேபிள்ல ஆறு பொடிக்கும் பெயரும் கலரும் மாத்தித் தர்றேன். ரெடிமேட் பவுச் வாங்கி ஒட்டிக்கலாம். ஒரு தடவை திருத்தம் உண்டு. போஸ்ட் இதுல வராது.*

*இல்ல, முழுசாவே வேணும், பட்ஜெட் இதுதான்னா நீங்க வேற ஒருத்தரைப் பாருங்கண்ணா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். இந்த ரெண்டு விலையும் அடுத்த மாசம் 15-ம் தேதி வரைக்கும் இருக்கும்."*

இதில் பாராட்டு முதலில் வருகிறது, ஆனால் அது பொதுவான பாராட்டு இல்லை. அவர் சொன்ன ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்கிறது. 'இந்தப் பொண்ணு நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கு' என்று அவருக்குப் புரியும்.

அடுத்து, மறுப்பு ஒரே வாக்கியத்தில், எண்ணோடு வருகிறது. 'கொஞ்சம் கஷ்டம்', 'பார்க்கலாம்' போன்ற வார்த்தைகள் இல்லை. 'ஸாரி' கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். விலை சொல்வது தப்பு இல்லை என்பதால் மன்னிப்பு தேவைப்படவில்லை. ஸாரி சொன்னால், இறங்கி வர இடம் இருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

'வேற ஒருத்தரைப் பாருங்க' என்கிற வரியைத்தான் எழுத பயமாக இருக்கும். ஆனால், உறவைக் காப்பாற்றுவது அதுதான். அவர் வேறு ஒருவரிடம் போனாலும், உங்களை ஏமாற்றிவிட்டோம் என்ற சங்கடம் இல்லாமல் போகிறார். சங்கடம் இல்லாதவர்தான் திரும்ப போன் செய்வார்.

கடைசியாக, தேதி. அது இல்லாவிட்டால் ஒன்றரை வருடம் கழித்து, "அன்னிக்கு 24,500-னு சொன்னீங்களே" என்று அதே மெசேஜை ஃபார்வர்டு பண்ணுவார். அதற்குள் உங்கள் வாடகையும் ஏறியிருக்கும், அனுபவமும் ஏறியிருக்கும்.

பதிலைப் பார்த்தாலே தெரியும்

நீங்கள் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை, அவர் அனுப்பும் பதிலே காட்டிக்கொடுக்கும்.

"சரிம்மா, எப்போ ஃப்ரீ ஆவீங்க?" என்று கேட்டால், உங்கள் மெசேஜ் தப்பாகப் போயிருக்கிறது. பிரச்னை நேரம்தான் என்று அவர் நினைத்துவிட்டார். 'பிஸி' என்று காரணம் சொன்னவர்களுக்கு வழக்கமாக வரும் பதில் இது. அடுத்த மாதமும் அதே 10,000-த்தோடு வருவார். "நேரம் இருக்குண்ணா, விலைதான் பிரச்னை" என்று அன்றே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

"ஒரு 15 வெச்சுக்கலாமா?" என்று கேட்டால், அது பேரம். இதில் தப்பு ஏதும் இல்லை, கடை வைத்திருப்பவர் கேட்கத்தான் செய்வார். முழு வேலையையும் 15,000-க்கு ஒப்புக்கொள்வதுதான் சிக்கல். அப்படிச் செய்தால், நேற்று சொன்ன 24,500 பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர் மூலமாக வரும் அடுத்த ஆளும், "அவருக்கு பதினஞ்சுக்குப் பண்ணீங்களாமே" என்றுதான் ஆரம்பிப்பார்.

15,000-க்கு 42 மணி நேரம் கிடைக்கும். சின்ன வெர்ஷனுக்கு 28, பத்து போஸ்ட்டுக்கு 10, இன்னொரு தடவை திருத்தத்துக்கு 4. கணக்கு சரியாக வருகிறது. "15-க்குன்னா ஸ்டிக்கர் லேபிளோட 10 போஸ்ட்டும் சேர்த்துத் தர்றேண்ணா, திருத்தம் ரெண்டு தடவை. தனித்தனி பவுச் டிசைன் மட்டும் இதுல வராது" என்று பதில் அனுப்பலாம். விலை ஏறினால் வேலை ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது அவருக்குப் பழகிவிடும்.

"புரியுதும்மா, வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்" என்று வந்தால், மெசேஜ் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். "சரிங்கண்ணா, நல்லபடியா ஆரம்பிங்க" என்று ஒரு வரி போதும். ரெண்டு மணி நேரம் கழித்துப் பதற்றத்தில் நீங்களே போய், "வேணும்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்ணா" என்று அனுப்புவதுதான் இதுவரை செய்த எல்லாவற்றையும் கெடுக்கும்.

சொந்தக்காரர் சொல்லி வந்த வேலை என்றால்?

நம்ம ஊரில் க்ளையன்ட் தனியாக வருவதில்லை. மாமா சொன்னார், காலேஜ் சீனியர் சொன்னார் என்று ஒரு பெயரோடுதான் வருகிறார். நீங்கள் க்ளையன்ட்டுக்கு எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், "உங்க ஆளு ரொம்ப ரேட் சொல்றாப்ல" என்று ஒரே வரியில் அது மாமா காதுக்குப் போய்ச் சேரும்.

அதனால் க்ளையன்ட்டுக்கு மெசேஜ் அனுப்பிய கையோடு, நடுவில் இருப்பவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். "மாமா, அவர் கேட்ட முழு வேலையும் அவர் பட்ஜெட்டுக்குள்ள வரலை. ஆனா அதே பட்ஜெட்டுக்கு சின்னதா ஒண்ணு பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். அவர் முடிவு பண்ணட்டும்" என்றால் போதும். எண்களைச் சொல்லத் தேவையில்லை. மாமாவுக்கு இதை முதலில் சொன்னது நீங்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையை வேறு ஒருவருக்குக் கைகாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால், இப்போதுதான் தொழிலுக்கு வந்த உங்கள் ஜூனியருக்கு அந்த விலை கட்டுபடியாகுமா என்று அவரிடம் கேட்டுவிட்டு, பிறகு நம்பரைக் கொடுங்கள். உங்களுக்கே கட்டாத வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் அவர் தலையில் கட்டினால், க்ளையன்ட்டோடு சேர்த்து ஜூனியரையும் இழப்பீர்கள்.

ரெண்டு மாதம் கழித்து...

கதவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனால் பயனில்லை. போன் நோட்ஸிலோ, ஒரு ஷீட்டிலோ நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: அவர் பெயர், கேட்ட வேலை, சொன்ன பட்ஜெட், திரும்ப எப்போது மெசேஜ் பண்ணுவது.

அந்த நாளை அவருடைய தொழிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உணவுப் பொருள் விற்பவருக்கு தீபாவளி, பொங்கல் சீசன் முக்கியம். சீசனுக்கு ஒரு வாரம் முன்பு போய் நின்றால் டிசைன் பண்ணவும் நேரமிருக்காது, அச்சடிக்கவும் நேரமிருக்காது. ஆறேழு வாரம் முன்பே கேட்க வேண்டும்.

கேட்கும்போது "ஏதாவது வேலை இருக்காண்ணா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணா, இன்ஸ்டால உங்க பொடி பார்த்தேன். தீபாவளிக்கு மூணு பொடி சேர்த்து கிஃப்ட் பாக்ஸ் போடுற பிளான் இருந்தா சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சாதான் பிரிண்ட்டுக்கு நேரம் இருக்கும்" என்பது மாதிரி, அவருக்குத் தேவைப்படும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டுப் பதில் வராவிட்டால், விட்டுவிடலாம். அடுத்த சீசனுக்கு மறுபடியும் கேட்கலாம்.

அவர் வேறு ஒருவரை வைத்து வேலையை முடித்திருந்தால், அந்த டிசைனைக் குறை சொல்லவே கூடாது. அதைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். குறை சொன்னால் அது அவருக்கும் சேர்த்துதான் போய்ச் சேரும். 'நேஷன் எழுத்து சின்னதா இருக்கு, படிக்க முடியலைன்னு கஸ்டமர் சொல்றாங்க' என்று அவரே சொன்னால், அப்போது கதவு தானாகத் திறக்கிறது.

எப்போது கதவைச் சாத்தலாம்?

எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு பவுச்சை இலவசமாகப் பண்ணிக் காட்டுங்கள் என்பவர், "இதெல்லாம் அரை மணி நேர வேலைதானே" என்பவர், அட்வான்ஸ் என்றாலே பேச்சை மாற்றுபவர். இவர்களுக்குப் பிரச்னை பட்ஜெட் இல்லை. பட்ஜெட்டை ஏற்றினாலும் அந்தக் குணம் மாறப்போவதில்லை. "இந்த வேலை எனக்குச் சரிவராது சார், நன்றி" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம். சின்ன வெர்ஷனும் வேண்டாம், தேதியும் வேண்டாம்.

இன்னொரு பக்கம், கையில் வேறு வேலையே இல்லாத மாதமும் வரும். அப்போது 10,000 என்பது 10,000-தான். எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால், அப்போதும் எடுக்க வேண்டியது 28 மணி நேர வேலையைத்தான், 70 மணி நேர வேலையை அல்ல. பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிவிட்டு, எத்தனை டிசைன், எத்தனை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் 'ஓகே' சொன்ன பிறகு ஃபைலைத் திறந்தால் போதும். மீதி இருக்கும் 72 மணி நேரம், 350 ரூபாய்க்கு மேல் தரும் அடுத்த க்ளையன்ட்டைத் தேடுவதற்கு உங்கள் கையில் இருக்கும்.